மேல்மூன்றாம் சுரமும் ‘பகை’ என்னும் சொல்லும்

தம்பானூர் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கித் தைக்காடு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் சுவாதித்திருநாள் இசைக்கல்லூரி வந்துவிடும். 1939இல் தொடங்கி, ஒற்றை வரியாகச் செல்லும் இராகப் பாட்டைக் கற்பித்துவரும் இடம் அது. அதே நிலையத்திலிருந்து பாளையம் நோக்கிச் சென்றால் எல்.எம்.எஸ். வளாகத்தில் மெட்டீர் நினைவுத் தேவாலயம் நிற்கிறது. அத்தகைய தேவாலயங்களின் பாடகர் குழுவில் ஒரு சிறுவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதிலேயே, பக்கத்தில் நிற்பவர் பாடும் சுரத்தைப் பாடாமல் வேறொரு சுரத்தைப் பிடித்து நிற்கப் பழகிவிடுகிறான். இரண்டு இடங்களுக்கும் நடுவே தம்பானூர் இருக்கிறது. இவ்விரு வகைச் செவிகளைக் கொண்ட இரண்டு நண்பர்கள் அங்கே ஏதோவொரு விடுதி அறையில் தம்புராச் செயலியை இயக்கிவைத்துச் சேர்ந்து பாட அமர்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதற்கு மேல் மூன்றாம் சுரத்தில் உடன்குரல் சேர்க்கிறார். இதில் என்ன பிழை?

ஆய்வுலகில் இதற்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன, இரண்டும் தவறானவை. முதலாவது, இது நம் இசைக்கு அயலானது, இராகத்தைக் கெடுப்பது என்னும் விடை. அதற்குச் சான்றாகப் பழந்தமிழ் இசையிலக்கணமே மூன்றாம் நரம்பைப் ‘பகை’ என்று விலக்கியது என்பர். இரண்டாவது, இசைக்கு மொழி இல்லை, எல்லை இல்லை, எந்தப் பாட்டுக்கும் மேலே ஒரு மூன்றாம் சுரத்தைச் சேர்த்துவிடலாம் என்னும் தாராளமான விடை. முதல் விடை செவியை நம்பாமல் நூலை நம்புகிறது. ஆனால் நூலையும் சரியாகப் படிப்பதில்லை. இரண்டாம் விடை நூலையும் படிப்பதில்லை, செவியையும் கேட்பதில்லை.

முதலில் ‘மூன்றாம்’ என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேயே பிறக்கிறது. தமிழில் ‘மூன்றாம் நாள்’ என்றால் தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணுகிறோம். இங்கும் அதே கணக்குத்தான். ‘ஸ’ ஒன்று, ‘ரி’ இரண்டு, ‘க’ மூன்று. ஆகவே ‘ஸ’வுக்கு மேல்மூன்றாம் சுரம் ‘க’. ‘மூன்று சுரம் தள்ளி’ என்று கேட்டுக்கொண்டு ‘ம’வைப் பிடிக்கும் தொடக்கநிலைப் பாடகர் மெட்டுக்கு நான்காம் சுரத்தைப் பாடிக்கொண்டிருப்பார். ‘ஹார்மனி’ என்பதற்கு ‘ஒத்திசைவு’ என்று சொல் ஆக்கியதும் பெரிதாக உதவவில்லை. ஒத்திசைத்தல் என்றால் ஒன்றுபோல் இசைத்தல் என்றே செவி கொள்கிறது; இங்கே நடப்பதோ வேறுபட்ட சுரங்களை ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில், ஒரே சொல்லுக்குப் பாடுவது. ‘உடன்குரல்’ என்பது குறைந்தது பொய் சொல்லாத சொல்.

இனி, மேல்மூன்றாம் சுரம் என்பது ஒரே அளவு தூரம் அன்று. ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட தொலைவை அரைச்சுரம் என்று கொண்டால், சங்கராபரணத்தில் ஸ–க நான்கு அரைச்சுரம், ரி–ம மூன்று, க–ப மூன்று, ம–த நான்கு, ப–நி நான்கு, த–மேல்ஸ மூன்று, நி–மேல்ரி மூன்று. பெரிய மூன்றாவதும் சிறிய மூன்றாவதும் மாறிமாறி வருகின்றன. எது எங்கே வரும் என்பதை இராகமே தீர்மானிக்கிறது, பாடுபவர் அன்று. மேலே பாடும் நண்பர் இராகத்தின் ஏணியில் இரண்டு படி மேலே நிற்கிறார். படிகளின் உயரம் சமமாக இல்லாததால் இருவருக்கும் இடையிலான தூரம் கூடியும் குறைந்தும் வருகிறது.

தாராளவாதிகள் வழுக்கி விழும் இடம் இதுதான். பதிவுசெய்த குரலை எடுத்து மென்பொருளில் ஒரே சீராக நான்கு அரைச்சுரம் உயர்த்தி, அதை மூலத்தோடு சேர்த்துவிட்டு, ‘ஹார்மனி செய்தாயிற்று’ என்கிறார்கள். சங்கராபரண மெட்டை அப்படி உயர்த்தினால் ‘ரி’க்கு மேல் பிரதி மத்யமம் வருகிறது, ‘க’வுக்கு மேல் சுத்த தைவதம், ‘த’வுக்கு மேல் சுத்த ரிஷபம், ‘நி’க்கு மேல் சாதாரண காந்தாரம். ஏழில் நான்கு சுரங்கள் சங்கராபரணத்திலேயே இல்லாதவை. மூன்று அரைச்சுரம் மட்டும் உயர்த்தினாலும் ஏழில் மூன்று அயல் சுரங்கள். அந்தப் பதிவைக் கேட்ட இசைக்கல்லூரி மாணவர் ‘இராகம் கெட்டது’ என்று சொன்னால் அவர் சொல்வது முற்றிலும் சரி. கெடுத்தது உடன்குரல் அன்று, எண்ணத் தெரியாமைதான் என்பதை மட்டும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவாலயக் குழுவில் வளர்ந்த நண்பர் இந்தப் பிழையைச் செய்யவே மாட்டார். அவருக்குப் பெரிய மூன்றாவது, சிறிய மூன்றாவது என்னும் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம். படியின் உயரம் செவியில் பதிந்திருக்கும். பெயர் தெரியாத அறிவு அறிவாகாது என்று பல்கலைக்கழகங்கள் கருதுவதால்தான், நான்கு குரல்களைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பலர் இசைத்துறை நேர்காணல்களில் ‘இசைப் பின்னணி இல்லாதவர்’ ஆகிறார்கள். ‘அயலானது’ என்னும் சொல் சுரத்தை மட்டும் வெளியே நிறுத்துவதில்லை.

இனிப் ‘பகை’. சிலப்பதிகாரம் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் உறவை நான்காகச் சொல்கிறது. உரைமரபு ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் கொள்கிறது. ஆகவே மூன்றாம் சுரத்தில் உடன்குரல் பாடுவது தமிழிசை மரபுக்குப் பகை என்பது வாதம். கேட்பதற்கு முடிந்த முடிபுபோல் இருக்கிறது.

ஆனால் ஒரு கலைச்சொல்லை அதன் பயன்பாட்டுச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து இன்றைய அகராதிப் பொருளோடு வாசிப்பது, மொழியியல் முதலாண்டு மாணவரும் செய்யத் தயங்கும் பிழை. அந்த நால்வகை உறவு, யாழின் நரம்புகளை ஆராய்ந்து இசை கூட்டும் செயலோடு இணைத்துச் சொல்லப்படுவது. நரம்பைச் சுதி சேர்க்கும்போது எந்த நரம்பிலிருந்து எதைப் பெறுவது என்பதே அங்கே கேள்வி. கிளை வழியாகச் செல்வது பாதுகாப்பான வழி: ஸ-விலிருந்து ப, ப-விலிருந்து ரி, ரி-யிலிருந்து த, த-விலிருந்து க. ஐந்தாம் சுரம் செவிக்குச் சட்டென்று பிடிபடும். மூன்றாம் சுரத்தை நேரடியாகப் பிடித்து நரம்பை முறுக்கினால் வழிதவறும். இவ்வாறு வாசித்தால் ‘பகை’ என்பது சுதி கூட்டுவோருக்கான எச்சரிக்கை; இருவர் சேர்ந்து பாடுவதைப் பற்றிய தீர்ப்பு அன்று. இது ஒரு வாசிப்பே என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இருவர் வெவ்வேறு சுரத்தில் பாடும் வழக்கத்தைப் பற்றியே பேசாத ஒரு பகுதியிலிருந்து அந்த வழக்கத்துக்குத் தடைவிதி எடுப்பது வாசிப்புகூட அன்று.

இதில் இன்னொரு செய்தி உள்ளது; அது எதிர்த்தரப்புக்கு ஓரளவு வலிமை சேர்ப்பது என்பதால் மறைக்கக் கூடாது. கிளை வழியாக நான்கு முறை ஏறிப் பெறும் காந்தாரம், ஸ-வுக்கு 81/64 என்னும் விகிதத்தில் நிற்கும். செவி இயல்பாக இனிமை காணும் காந்தாரமோ 5/4, அதாவது 80/64. வேறுபாடு சிறியதுதான், ஆனால் இரண்டு குரல்கள் நீட்டி நிற்கும்போது அது மறைவதில்லை. ஒரு கட்டைச் சுதியில், ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸில், ஒரு நண்பர் ஸ பாடுகிறார். அவருடைய குரலில் அதன் ஐந்து மடங்கு அதிர்வும் மெல்லியதாக ஒலிக்கும். அது ஏறக்குறைய 654 ஹெர்ட்ஸ். மற்றவர் கிளை வழிக் காந்தாரத்தைப் பாடினால் அவர் குரலின் நான்கு மடங்கு அதிர்வு ஏறக்குறைய 662 ஹெர்ட்ஸில் விழும். இரண்டும் மோதி நொடிக்கு எட்டு முறை அலையடிக்கும். 5/4 காந்தாரத்தைப் பாடினால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து அலை அடங்கிவிடும். ஆகவே ஐந்தாம் சுர வழியில் சுதி கூட்டிய கருவியில் மூன்றாம் நரம்பைச் சேர்த்து மீட்டியவர், ‘இது பகை’ என்று சொல்லியிருந்தால் அவர் செவி சரியாகவே கேட்டிருக்கிறது.

ஐரோப்பாவிலும் கதை ஏறக்குறைய இதுவே. ஐந்தாம் சுர வழியில் சுதி கணித்த இடைக்காலக் கோட்பாட்டாளர் பலர் மூன்றாம் சுரத்தை முழு இனிமையுள்ளதாக ஏற்கவில்லை. அதே காலத்தில் நூல்களைப் பொருட்படுத்தாத வடபுலத்துப் பாடகர்கள் மூன்றாம் சுர இடைவெளியில் இணைந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஆர்க்னித் தீவின் புனிதர் மாக்னஸைப் போற்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டு இருகுரல் பாடலொன்று பெரும்பாலும் அந்த இடைவெளியிலேயே செல்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய இருகுரல் பாட்டுக்கு ‘ஜிமெல்’ என்று பெயர். இலத்தீனில் இரட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கோட்பாடு பின்னர்தான் வந்து சேர்ந்தது. ஆகவே மூன்றாம் சுரம் ‘மேற்கின் இயல்பு’ என்பதும் வரலாற்றுப் பிழை. மேற்கிலும் அது ஒரு காலத்தில் நூலோரின் வாயிலில் காத்து நின்றதுதான்.

கவனிக்க வேண்டியது, அலையடிக்காத அந்தக் காந்தாரம் இந்த அறைக்கு வெளியிலிருந்து வருவதில்லை என்பது. நன்றாகச் சுதி சேர்ந்த தம்புராவின் ஸ தந்தியை மீட்டிக் காதை அருகே வைத்தால், மீட்டாத அந்தர காந்தாரம் அதற்குள் ஒலிப்பது கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று இசைவாணர் சொல்வது அதைத்தான். மேலே பாடும் நண்பர் செய்ய வேண்டியது, தம்புராவுக்குள் ஏற்கனவே ஒலிக்கும் அந்தச் சுரத்தைக் கண்டு அதன்மேல் குரலை வைப்பது மட்டுமே. ஆனால் இதைக் கொண்டு, ‘ஹார்மனி நம் தம்புராவிலேயே இருந்தது’ என்று மரபுரிமை கொண்டாடுவதும் வேண்டாம். தந்தியின் இயற்பியல் வேறு, பாடுவோரின் வழக்கம் வேறு. அந்தக் காந்தாரத்தை நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தும் நாம் அதைத் தனிக்குரலாகப் பிரித்து வளர்க்கவில்லை. அதனால் நமக்கு இழுக்கும் இல்லை. நாம் வேறொன்றை வளர்த்தோம்.

ஆர்மோனியத்தையோ கீபோர்டையோ துணைக்கு வைத்துக்கொள்வோர் ஓர் எச்சரிக்கையைக் கேட்க வேண்டும். அவற்றின் காந்தாரம் சமப்பங்கீட்டுச் சுதியில் அமைந்தது. 5/4-ஐவிடச் சற்று உயர்ந்தது. அதே ஒரு கட்டைச் சுதியில் கணக்கிட்டால் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து அலைகள். இருவரும் தம்புராவை மட்டும் வைத்துப் பயின்றால் அலை அடங்கும் இடத்தைத் தாமே கண்டுகொள்வார்கள். கீபோர்டில் ஒவ்வொரு சுரமாக அழுத்திக் கற்றால் அந்த இடத்தை ஒருபோதும் அறியமாட்டார்கள். ‘ஏதோ சரியாக ஒட்டவில்லை’ என்று மட்டும் உணர்ந்து, குறை தங்கள் குரலில் என்று நினைப்பார்கள்.

செய்முறையில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு சிறு சங்கராபரணத் தொடரைக் கொண்டு பார்க்கலாம். மெட்டு: ஸ ரி க ம, ப நீண்டு, ம க, ரி நீண்டு, க ரி, ஸ-வில் நிற்றல். இயந்திரம்போல் மேல்மூன்றாம் சுரத்தை எழுதினால்: க ம ப த, நி நீண்டு, த ப, ம நீண்டு, ப ம, க-வில் நிற்றல். பாடிப் பார்த்தால் பெரும்பகுதி அழகாகவே இருக்கும். ஒரே ஓரிடத்தில் மட்டும் முகம் சுளிக்கும்: நீண்ட ப-வுக்கு மேல் நீண்ட நி. அந்த நி-க்கும் ப-வுக்கும் சண்டை இல்லை. இரண்டும் நல்ல மூன்றாவது. சண்டை தம்புராவோடு. தம்புரா இடைவிடாமல் ஸ-வை ஒலித்துக்கொண்டிருக்கிறது. நி அதற்கு அரைச்சுரம் கீழே நின்று உரசுகிறது. விரைந்து கடக்கும் நி-யைச் செவி மன்னிக்கும். நீட்டி நிற்கும் நி-யை மன்னிக்காது. தேர்ந்த உடன்குரலாளர் அந்த இடத்தில் விதியை மீறி மேல் ஸ-வைப் பிடிப்பார். ப–ஸ நான்காம் சுர உறவு. தம்புராவோடு முழுமையாக அமரும். ஆகவே அவருடைய வரி: க ம ப த, மேல்ஸ நீண்டு, த ப, ம நீண்டு, ப ம, க. நீண்ட ரி-க்கு மேல் உள்ள ம சற்றுத் தொங்கலாகத்தான் நிற்கும். அதை அப்படியே விடலாம். அந்தத் தொங்கல் கடைசியில் க-வில் இறங்கும்போது தீருகிறது, தீர்வதே அந்த முடிவுக்குச் சுவை. இறுதியில் ஒருவர் ஸ, மற்றவர் க, தம்புராவில் ஸ-வும் ப-வும்.

இந்த எளிய திருத்தத்தில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. ‘மேல்மூன்றாம் சுரம்’ என்பது கட்டளை அன்று, வழக்கமான இருப்பிடம். தம்புரா கேள்வி கேட்கும் இடங்களில் அதைவிட்டு விலக வேண்டும். ஐரோப்பிய இசையில் இந்தக் கேள்வியை மாறிக்கொண்டே இருக்கும் அடிச்சுரங்கள் கேட்கும். நம்மிடம் மாறாத ஸ-வும் ப-வும் கேட்கின்றன. அதனால் நம் சூழலில் உடன்குரல் அமைப்பதற்கான விலக்குகள் வேறு. அவற்றை எழுதிவைக்க யாரும் முன்வராமல் ‘பொருந்தும்’, ‘பொருந்தாது’ என்று மட்டும் கருத்தரங்கம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எல்லா இராகங்களும் இடம்தரும் என்று சொல்லவில்லை. எல்லா மாணவரும் முதன்முதலில் பயிலும் மாயாமாளவகௌளையையே எடுத்துக்கொள்ளலாம். ஸ–க நான்கு, ரி–ம நான்கு, க–ப மூன்று, ம–த மூன்று, ப–நி நான்கு, த–ஸ நான்கு என்று சரளி வரிசை ஒழுங்காகவே ஏறும். நி-க்கு வந்ததும் மேலே சுத்த ரிஷபம். இடைவெளி இரண்டே அரைச்சுரம். எண்ணிக்கையில் அது மூன்றாவதுதான். செவியில் அது இரண்டாவது. இருவரும் ஒருவரையொருவர் முட்டிக்கொள்வதுபோல் கேட்கும். ஓர் எழுத்து மாறாமல் விதியைப் பின்பற்றியும் பிழை நேரும் இடம் இது. அங்கே மேல்குரல் ஸ-விலேயே நின்றாலும் நி-யோடு அரைச்சுரம் உரசும். ஆகவே நீண்ட நி வரும் இடங்களில் இருவரும் ஒரே சுரத்தைப் பாடுவதே அறிவு.

மோகனம் வேறு வகை. அங்கே ஐந்தே சுரங்கள் என்பதால் ஒரு படி தாண்டினால் ஸ–க அல்லாத இடங்களில் எண்ணிக்கை தடுமாறுகிறது. ரி-க்கு மேல் ஒரு படி தாண்டினால் ப; க-வுக்கு மேல் த; ப-வுக்கு மேல் ஸ; த-வுக்கு மேல் ரி. இவை அனைத்தும் ஐந்து அரைச்சுரம், அதாவது நான்காம் சுர உறவுகள். ‘மூன்றாவதே வேண்டும்’ என்று அடம்பிடித்து ரி-க்கு மேல் மத்யமம் வைத்தால் மோகனம் போய்விடும். நான்காம் சுரமும் ஐந்தாம் சுரமும் கலந்த உடன்குரல் மோகனத்துக்குத் தனி மணம் தருவது. ஆனால் அதை மூன்றாம் சுர ஹார்மனி என்று பெயரிட்டு விற்கக் கூடாது.

தோடியில் இதை முயலவே வேண்டாம் என்பதில் தூய்மைவாதிகளோடு முழு உடன்பாடு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடுவதே அதன் வடிவம். அதற்கு மேல் ஒருவர் பஞ்சமத்தை அசையாமல் பிடித்தால், இடைவெளி ஒவ்வோர் ஊசலுக்கும் விரிந்து சுருங்கும். மூன்றாம் சுரம் என்னும் உறவு எந்தக் கணத்திலும் உருவாகாது. மேல்குரலும் சேர்ந்து ஊசலாட முயன்றால் பஞ்சமத்துக்குக் கமகமே இல்லை. இங்கே இரண்டாம் குரல் எதையும் சேர்ப்பதில்லை, காந்தாரத்தின் அசைவைக் கேட்கவிடாமல் மறைக்கிறது. ஆகவே எல்லையை வகுப்பது கிழக்கா மேற்கா என்னும் கேள்வி அன்று, சுரம் நிற்கிறதா அசைகிறதா என்னும் கேள்வி.

அதற்கான சான்று நம் மரபுக்குள்ளேயே கிடக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் ஏறக்குறைய நாற்பது. ஆங்கிலேயரின் பாண்டுக் குழுக்கள் வழியே வந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தவை. சங்கராபரணத்தில், கமகமின்றிப் பாடப்படுபவை. ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பதன் மெட்டு பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டு. இதையும் எதிர்த்தரப்பார் தம் பக்கம் இழுப்பர்: தீட்சிதர் மெட்டை ஏற்றார், ஹார்மனியை ஏற்கவில்லை, ஆகவே நிராகரித்தார் என்று. ஒருவர் செய்யாமல் விட்டதை மறுத்தது என்று வாசிப்பதற்குச் சான்று வேண்டும். அது அவர்களிடம் இல்லை. நோட்டுஸ்வரங்கள் காட்டுவது இதுதான்: அசையாச் சுரங்களால் ஆன பாட்டு கர்நாடக இசைப் பாடத்திட்டத்துக்குள் இருநூறு ஆண்டுகளாக வாழ்கிறது, அதைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும்போது யாரும் இராகம் கெட்டது என்று அலறவில்லை. தம்பானூர் அறையின் இரு நண்பர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. ஒருவருக்குச் சொல் தெரியும். மற்றவருக்கு மெட்டோடு கூடவே அதன் கீழ்க்குரலும் மேல்குரலும் தெரிந்திருக்கக்கூடும்.

இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல்களில் அமைக்க முடியாது என்னும் கூற்றுக்கும் இந்நகரிலேயே மறுப்பு உண்டு. மலையாளத் திரையிசையில் அறியப்பட்ட எம்.பி. சீனிவாசன், 1970களின் தொடக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்தார். அவர் 1988இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய கொயர் ஒன்று திருவனந்தபுரத்தில் இயங்கிவருகிறது. இது நடைமுறையில் முடிந்துபோன வழக்கு. ஆயினும் இசைத்துறை ஆய்வேடுகளில் அந்த வழக்கின் தீர்ப்பைத் தேடினால் ‘சேர்ந்திசை’ என்னும் தலைப்பில் தேசிய ஒருமைப்பாடு பற்றிய பத்திகள் கிடைக்கும். எந்தச் சுரத்துக்கு மேல் எந்தச் சுரம் வைத்தார் என்பது கிடைப்பது அரிது.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய ஒரு தீங்கு உண்டு. அதைத் தூய்மைவாதிகள் பேசுவதே இல்லை. மனிதச் செவி மேலே ஒலிக்கும் குரலையே மெட்டு என்று கொள்ளும். உடன்குரல் மெட்டுக்குக் கீழே இருந்தால் நிழல்போல் கிடக்கும். மேலே சென்றால் முதலிடத்தைப் பறிக்கும். பாட்டை முன்பு கேட்டிராத ஒருவர் மேலே சொன்ன தொடரைக் கேட்டால், ‘க ம ப த’ என்பதையே மெட்டாக நினைவில் கொண்டு போவார். அதனால் மேலே பாடுபவர் குரலை ஒடுக்கிப் பாட வேண்டும். இருவரில் கனத்த குரல் உடையவர் மெட்டையும் மெல்லிய குரல் உடையவர் மேல்வரியையும் எடுத்துக்கொள்வது நலம். முதல் அடியை இருவரும் ஒரே சுரத்தில் பாடி, மெட்டு கேட்போர் மனத்தில் நின்றபின் பிரிவது இன்னும் நலம். சொற்களின் குறில் நெடில் இருவருக்கும் ஒரே கணத்தில் முடிய வேண்டும். ஒருவர் ‘ஆ’வை முன்னதாக மூடினால் சுரம் சரியாக இருந்தும் உடன்குரல் கலைந்துவிடும்.

மற்றொரு சிக்கல், மேல்குரலாளர் சில அடிகளுக்குள் மெட்டுக்கே வழுக்கி விழுவது. இதைச் செவிக்குறை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அவர் தன் வரியைத் தனிப்பாட்டாகக் கற்கவில்லை. நண்பரின் சுரத்தைக் கேட்டுக் கேட்டு அந்தந்தக் கணத்தில் மூன்றாவதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். கணக்கு ஓரிடத்தில் பிந்தினால் வலிய குரலோடு ஒட்டிக்கொள்கிறார். அவர் முதலில் ‘க ம ப த, மேல்ஸ’ என்னும் தன் வரியைத் தம்புராவோடு மட்டும், மெட்டே கேளாமல், சொற்களோடு மனப்பாடமாகப் பாட வேண்டும். பிறகு தொடரின் முதல் சுரத்தையும் கடைசிச் சுரத்தையும் மட்டும் இருவரும் சேர்ந்து நீட்டிப் பார்த்து, அலை அடங்குகிறதா என்று கேட்க வேண்டும். அதன்பின்பே முழுத்தொடர். கைப்பேசியை இருவருக்கும் நடுவே வைத்துப் பதிவுசெய்து கேட்டால் யார் வழுக்கினார் என்பது தெரிந்துவிடும். பாடும்போது அது இருவருக்குமே தெரிவதில்லை.

கரகரப்பிரியாவில் முடிக்கும்போது மட்டும் அந்தக் கடைசிச் சுரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே ஸ-வுக்கு மேல்மூன்றாவது சாதாரண காந்தாரம். தம்புராவுக்குள் ஒலிப்பதோ அந்தர காந்தாரம். நீட்டி நிறுத்தினால் இரண்டும் உரசுவது அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். மேல்குரலாளர் காந்தாரத்தைத் தொட்டு ரி வழியாக இறங்கி, நண்பரின் ஸ-வோடு சேர்ந்துகொள்ளலாம்.